எல்லோருக்கும் இடம் பிடித்தவன்

என் அண்ணன் பிறக்கும்போதே கையில் ஒரு கைக்குட்டையோடு பிறந்திருப்பான் என்று நான் நினைப்பதுண்டு. பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு இருக்கையில் கைக்குட்டையைப் போட்டுவிடுவான். அதில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. யாராவது பெரியவர், யாராவது கைக்குழந்தைக்காரி, அவர்கள் இல்லாவிட்டால் "பின்னாடி என் ஃப்ரெண்டு வர்றான்" என்று யாருக்காகவாவது. கடைசியில் அவன் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவான். முகத்தில் மட்டும் ஏதோ பட்டாபிஷேகம் நடந்த மாதிரி ஒரு திருப்தி.

ஆஸ்பத்திரி டோக்கனும் அப்படித்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த சமயத்தில் விடியற்காலையில் போய் வரிசையில் நின்றான். பக்கத்தில் நின்ற ஆளுக்கு அவசரமாம், தன் டோக்கனைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வரிசையின் வாலில் போய் நின்றுகொண்டான். அம்மா மதியம் வரைக்கும் பெஞ்சில் பட்டினியாக உட்கார்ந்திருந்தாள். நான் சண்டை போட்டபோது அவன் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும், பாப்பா." எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவனுக்கு நான் இன்னும் பாப்பா.

அவன் தொழில் கட்டட வரைபடம் போடுவது. ஒரே கம்பெனியில், ஒரே நாற்காலியில் பதினெட்டு வருஷம் இருந்தான். அந்த நாற்காலியின் மெத்தை அவன் உடம்பு வாகுக்கே குழிந்திருந்தது என்று அண்ணி சொல்வாள். கம்பெனியை இழுத்து மூடினார்கள். முதலாளி எல்லோருக்கும் கைகொடுத்தாராம். இவன் போகிற போக்கில் முதலாளிக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வந்தான்.

அதன்பிறகு கிடைத்த சின்னச் சின்ன வேலைகளை வீட்டிலிருந்தே செய்தான். வீடு என்றால் இரண்டு அறை. ஒன்றில் பிள்ளைகள், இன்னொன்றில் அண்ணியின் தையல் மெஷின். போதாததற்கு மேல் வீட்டுக்காரர் சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். டிரில் சத்தத்தில் மடிக்கணினியே நடுங்கும். "என் ஆபீசுக்கு வாண்ணே" என்று நான்தான் கூப்பிட்டேன். கூப்பிட்ட வாயைத் தைத்திருக்க வேண்டும்.

என் ஆபீஸ் என்றால் எனக்கு மட்டும் சொந்தமா என்ன. அது ஒரு கூட்டுப் பணியிடம். மூன்றாவது மாடியில் பெரிய கூடம். மாதச் சந்தா கட்டினால் வந்து உட்கார்ந்து வேலை செய்யலாம். யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. முந்தின நாளே ஆப்பில் ஒரு டெஸ்க் பதிவு செய்ய வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு பதிவுதான். வந்து உட்கார்ந்ததும் டெஸ்க் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்டிக்கரை ஃபோனில் ஸ்கேன் பண்ணினால்தான் செக்-இன். பதிவு ஆரம்பித்து அரை மணி நேரத்துக்குள் செக்-இன் பண்ணவில்லை என்றால் ஆள் வரவில்லை என்று கணினி முடிவு கட்டிவிடும். டெஸ்க் தானாகவே விடுபட்டுக் காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். வராதவருடைய அன்றைய பதிவு அதோடு தீர்ந்தது. மறுபடி அன்றைக்குப் போட முடியாது.

வாசல் மேசையில் உட்கார்ந்து இதற்கெல்லாம் பதில் சொல்வது என் வேலை. பதில் சொல்வது என்பது மரியாதைக்குச் சொல்வது. திட்டு வாங்குவது என்பதுதான் சரி. "நான் ரெண்டே நிமிஷம்தாங்க லேட்டு" என்பார் ஒருவர். "நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன், கண்ணு தெரியலயா உங்க கம்ப்யூட்டருக்கு" என்பார் செக்-இன் பண்ண மறந்த இன்னொருவர். கணினிக்குக் கண் இல்லை. எனக்கு இருக்கிறது. அதனால் திட்டெல்லாம் எனக்கு.

அண்ணன் வந்த கொஞ்ச நாளிலேயே ஜன்னலோரத்து ஆறு டெஸ்க்கும் என் உயிரை எடுக்க ஆரம்பித்தன. கூடத்திலேயே அவற்றில் மட்டும்தான் இரட்டைத் திரை. வரைகிறவர்கள், படம் எடிட் பண்ணுகிறவர்கள் எல்லாம் அதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள். என் கணினியில் பார்த்தால் ஆறும் செக்-இன் ஆகியிருக்கும். எழுந்து போய்ப் பார்த்தால் பாதி காலி. திரைகள் இருண்டு கிடக்கும். நாற்காலியில் பையும் இல்லை, ஆளும் இல்லை. பேய் வந்து செக்-இன் பண்ணிவிட்டுப் போகிறதா என்ன? பதினொரு மணிக்கு மேல்தான் உரியவர்கள் ஒவ்வொருவராக ஆடி அசைந்து வருவார்கள்.

இதில் அதிகம் அவதிப்பட்டவர் புத்தக அட்டை வடிவமைக்கிற ஒரு அம்மா. காத்திருப்புப் பட்டியலின் உச்சியில் எப்போதும் அவர்தான். நான் மனசுக்குள் அவருக்குக் காத்திருப்பு அம்மா என்றே பெயர் வைத்திருந்தேன். இரட்டைத் திரை கிடைக்காமல் சமையலறைப் பக்கத்துச் சின்ன டெஸ்க்கில் மடிக்கணினியோடு குனிந்து உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலோரம் முழுக்கத் தெரியும். "ஏங்க, ஃபுல்லுன்னு காட்டுது, ஆனா காலியாத்தானே இருக்கு?" என்று தினமும் கேட்பார். நானும் தினமும் திருதிருவென்று முழிப்பேன்.

அண்ணனுக்கு அந்தக் கூடம் கையகல சொர்க்கம் ஆகிவிட்டது. எல்லோரும் அவனை "அண்ணே அண்ணே" என்று சுற்றி வந்தார்கள். அதிலும் ஒருவன், எப்போதும் கழுத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரிகிற ஒரு தம்பி, அண்ணனைக் கண்டால் விடமாட்டான். "உங்க அண்ணன் தெய்வம்கா" என்று என்னிடமே சொல்வான். இவன் என்ன செய்து தெய்வமானான் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனியிலிருந்து அண்ணனுக்கு அழைப்பு வந்தது. நிரந்தர வேலை. கடைசிக் கட்டமாக ஒரு நேரடித் தேர்வு. அவர்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, கொடுத்த கட்டடத்துக்கு ஒரு மணி நேரத்தில் முழு வரைபடம் போட்டு முடிக்க வேண்டும். ஒரு திரையில் தேர்வு நடத்துகிறவர்கள், இன்னொன்றில் வரைபடம். இரட்டைத் திரை இல்லாமல் அது நடக்கிற காரியம் இல்லை என்று அவனே சொன்னான். அண்ணி எனக்குத் தனியாகப் போன் பண்ணினாள். "பாப்பா, இது கிடைச்சா பிள்ளைங்க ஃபீஸுக்கு யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம். நீ கொஞ்சம் பாத்துக்கோ" என்றாள். ஜன்னலோரத்தில் மூலை டெஸ்க்கை அவன் பதிவு செய்ததை என் கணினியில் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

அன்றைக்குத் தேர்வு பதினொன்றுக்கு. ஒன்பது மணிப் பதிவுக்கு அவன் எட்டேமுக்காலுக்கே வந்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை. போய் மூலையில் உட்கார்ந்தான். எனக்குக் கையாட்டினான். அப்புறம் ஃபோனைத் தட்டிக்கொண்டே இருந்தான். தேர்வுக்குத்தான் ஏதோ பார்க்கிறான் என்று நான் என் வேலையைப் பார்த்தேன்.

ஒன்பதரை தாண்டியிருக்கும். காத்திருப்பு அம்மா மூச்சிரைக்க வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மூலை டெஸ்க் எனக்குக் கிடைச்சிருக்குங்க! இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. ஆனா அங்க உங்க அண்ணன் உக்காந்திருக்காரே?"

கணினியைப் பார்த்தேன். அண்ணன் பெயருக்கு நேரே சிவப்பில் "வரவில்லை, விடுவிக்கப்பட்டது". அதன் கீழேயே அந்த அம்மா பெயர். அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஓடினேன். "அண்ணே, நீ செக்-இன் பண்ணலையா?"

"பண்ணேனே" என்றான்.

"எங்க பண்ணே? காட்டு."

ஃபோனை நீட்டினான். அதைப் பார்த்தபோதுதான் இத்தனை நாள் வந்துபோன பேய் யார் என்று எனக்குத் தெரிந்தது. ஜன்னலோரத்து டெஸ்க்குகளின் ஸ்டிக்கரையெல்லாம் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான், என் அருமை அண்ணன். தாமதமாகிறவர்கள் வழியிலிருந்து, "செக்-இன் செய்ய இன்னும் பத்து நிமிடம்" என்று ஆப் அனுப்பும் எச்சரிக்கையை அப்படியே படம் பிடித்து இவனுக்கு அனுப்புவார்கள். இவன் அந்த டெஸ்க்கின் ஸ்டிக்கர் போட்டோவை அனுப்புவான். அவர்கள் அதைத் தங்கள் ஆப்பில் ஏற்றிப் பேருந்தில் இருந்தபடியே செக்-இன் பண்ணிக்கொள்வார்கள். அன்றைக்குக் காலையிலும் மூன்று பேர். எச்சரிக்கைகள் வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன. நாலாவதாக வந்தது இவனுடைய டெஸ்க்குக்கே ஆப் அனுப்பிய எச்சரிக்கை. அதையும் யாரோ அனுப்பியது என்று நினைத்து, "இவனுக்குத்தான் அனுப்பியாச்சே" என்று தள்ளிவிட்டிருக்கிறான்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்று பேருக்கு இலவசமாக உதவிவிட்டு நாலாவதாகத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். தினமும் நான் வாங்கிய திட்டெல்லாம் இவனால்தான். வேறு யாராவது என்றால் கத்தியிருப்பேன். இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தேன். கத்த வாய் வரவில்லை.

"அம்மா, ஒரு மணி நேரம் மட்டும்…" என்று நான் அந்த அம்மாவிடம் இழுத்தேன். அவர் முகம் சுருங்கியது.

"எத்தனை நாளாக் காத்திருக்கேன்னு உங்களுக்கே தெரியும். இன்னைக்கு மதியத்துக்குள்ள அட்டை அச்சுக்குப் போகணும். இல்லன்னா அந்த வேலையே எனக்கு இல்லை." கோபமாகச் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்து, "மதியம் முடிஞ்சதும் நீங்க எடுத்துக்கங்க சார், நான் எந்திரிச்சுடறேன்" என்றார். அவர் பக்கம்தான் நியாயம். நியாயம் யார் பக்கம் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிவதும் ஒரு எரிச்சல்தான்.

அண்ணன் உடனே எழுந்துவிட்டான். "நீங்க உக்காருங்கம்மா, உங்க இடம்தானே" என்று நாற்காலியைத் துடைத்து வேறு கொடுத்தான்.

நான் மேலாளருக்குப் போன் போட்டேன். அவர் வேறு கிளையில் இருந்தார். ஒரு நாளைக்கு ஒரே பதிவு என்ற வரம்பை அண்ணனுக்கு ஒரு முறை நீக்கித் தரச் சம்மதித்தார். ஆனால், "செக்-இன் ஆன டெஸ்க்கைத் தொடாதீங்க. உரியவங்க வாயால விடறேன்னு சொன்னாத்தான் விடுவிக்கலாம்" என்றார். வரம்பை நீக்கினேன். இப்போது அண்ணன் பதிவு போடலாம். போடுவதற்கு டெஸ்க்தான் இல்லை. இரட்டைத் திரை ஆறில் ஒன்றில் அந்த அம்மா. இரண்டில் நிஜமான ஆட்கள். மீதி மூன்றும் காலி. மூன்றும் இவன் புண்ணியத்தில் பூட்டிக் கிடந்தன.

"போய் அதுல ஒண்ணுல உக்காருண்ணே. எவன் வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

"அது எப்படி? அவங்க பதிவு பண்ண இடம். நடுவுல வந்துட்டா அவங்க எங்க உக்காருவாங்க?"

"உனக்குப் பரீட்சைண்ணே!"

"அதுக்கு?"

"அப்ப போன் பண்ணி விட்டுக்கொடுக்கச் சொல்லு. அந்த ஹெட்போனுக்குப் பண்ணு. உன்னைத் தெய்வங்கிறானே."

"பாவம், பஸ்ல நசுங்கிக்கிட்டு வர்றான். இப்பப் போய் எதுக்குத் தொந்தரவு? அவனுக்கும் வேலை இருக்காதா?" என்றான். இவனை எந்தச் சுவரில் முட்டுவது?

அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து நானே பண்ணினேன். இருவர் எடுக்கவில்லை. ஹெட்போன் தம்பி எடுத்தான்.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"டெஸ்க்லதான்கா இருக்கேன். செக்-இன் ஆயிருக்கு, பாருங்க."

பின்னால் பேருந்து ஹாரன் அலறியது. நான் அவனுடைய டெஸ்க் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவன் நாற்காலியின் முதுகில் என் கை இருந்தது.

"சரி தம்பி, அதை விடுங்க. அண்ணனுக்கு இன்னைக்கு வேலைக்குப் பரீட்சை. அவர் டெஸ்க் போயிடுச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா உங்க டெஸ்க்கை ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு மாத்திடுவேன். அப்புறம் நீங்களே எடுத்துக்கலாம்."

ஹாரன் மறுபடி அலறியது.

"அண்ணனுக்கா… ஐயோ. எனக்கும் இன்னைக்குக் கொஞ்சம் டைட்டுக்கா. விட்டா மறுபடி கிடைக்குமோ என்னமோ. வேற யாரையாவது கேளுங்களேன். தப்பா நினைக்காதீங்க" என்றான். வைத்துவிட்டான்.

காது மடல் சுட்டது எனக்கு. அண்ணன் கையில் தண்ணீரோடு திரும்பி வந்தான். "யாருகிட்ட பாப்பா பேசிட்டிருந்தே?"

"ஏசி மெக்கானிக்" என்றேன்.

கடைசியில் போன் பேசுவதற்கென்று இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் அவன் தன் பழைய மடிக்கணினியோடு போனான். ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தாலே முட்டி கதவில் இடிக்கும். வெளியிலிருந்து பார்த்தேன். ஒரே திரையில் தேர்வு நடத்துகிறவர்களின் முகத்தை ஓரமாகச் சுருக்கி வைத்துக்கொண்டு, மீதி இடத்தில் வரைந்தான். ஒரு கோடு போடப் படத்தைப் பெரிதாக்குவான், அடுத்த கோட்டுக்குத் திரும்பச் சிறிதாக்குவான். வியர்த்து ஊற்றியது. நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்துக் கையாட்டினான். நான் திரும்பிக்கொண்டேன். அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை.

அவன் வெளியே வரும்போது சட்டை கசங்கியிருந்தது. "மாடிப்படி வரைக்கும் வந்துட்டேன். மேல்தளம்தான் பாக்கி" என்றான்.

"என்ன சொன்னாங்க?"

"முடிக்காததை எடுத்துக்க முடியாதாம். வேற ஆள் பாத்துக்கறோம்னாங்க. நல்லவிதமாத்தான் சொன்னாங்க."

அப்போதுதான் என் பொறுமை போனது. "இப்பத் திருப்தியா? ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் இடம் பிடிச்சியே, ஒருத்தன், ஒரே ஒருத்தன் உனக்கு எந்திரிச்சானா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன, வாய்ல முத்தா உதிர்ந்துடும்?"

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"கேட்டு, முடியாதுன்னு சொல்லிட்டா?" என்றான். "அப்புறம் நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது பாப்பா? கேக்காத வரைக்கும் எல்லாரும் கொடுப்பாங்கன்னு இருக்கலாம்ல."

சின்ன வயசிலிருந்து இவன் விளங்காதவன் என்றே நினைத்திருந்தேன். எல்லாம் விளங்கித்தான் இருந்திருக்கிறது.

கதவு திறந்தது. ஹெட்போன் தம்பி வந்தான். என்னைக் கண்டதும் ஒரு நொடி தயங்கினான். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, டல்லா இருக்கீங்க?" என்றான்.

அண்ணன் நடந்ததைச் சொன்னான். அதுவும் ஏதோ வேடிக்கைக் கதை மாதிரி, கூண்டுக்குள் முட்டி இடித்ததையெல்லாம் சேர்த்து. அந்தத் தம்பிக்கு ஸ்டிக்கர் போட்டோ அனுப்பியதால்தான் தன்னுடையதை விட்டான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தம்பி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். "அய்யோ, என்னண்ணே நீங்க! எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா அடுத்த நிமிஷம் விட்டிருப்பேனே. உங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?" என்றான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. போன வேலை, அண்ணியிடம் போய்ச் சொல்ல வேண்டிய பதில், எல்லாம் அந்த நிமிஷத்துக்கு அவனுக்கு மறந்துபோயிற்று. என் பக்கம் திரும்பி, "பாத்தியா பாப்பா? நீ என்னமோ சொன்னியே" என்றான்.

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பேருந்து ஹாரன், "எனக்கும் டைட்டுக்கா", எல்லாம். ஒரு வார்த்தை போதும். அந்தப் பயலை அங்கேயே தோலை உரித்துத் தொங்கவிட்டிருக்கலாம். அன்றைக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான்.

"ஆமாண்ணே, நல்ல பையன்" என்றேன்.